பிரச்சினை என்ற முதல் ஸ்லைடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டும், எனக்கென்ன. ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தைப் பற்றி மட்டும் யாராவது பேச்செடுத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அந்தக் கோபம் நியாயமானது, அதற்குக் கிடைத்த பெயர் வேறு.

மலைமேல் இருக்கிற கல்லூரியில் நான் வணிகவியல் கடைசி வருடம். தொழில்முனைவோர் மன்றம் என்று ஒன்று உண்டு. மாணவர்களே ஒரு பொருளைச் செய்து, பெயர் வைத்து, விற்பனைக்குக் கொண்டுவர வேண்டும். வருடத்துக்கு ஒரு குழுவைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் குழுவுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள் அச்சடிப்பு, மலையில் நடக்கிற ஆடி விழாவில் ஒரு ஸ்டால் எல்லாம் கல்லூரி செய்து தரும். அதற்கு நடுவர்கள் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு மூன்று நிமிடம் அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

எங்கள் பொருள் பலாக்கொட்டை மாவு. சீசனில் வியாபாரிகள் சுளையை மட்டும் அரிந்து எடுத்துக்கொண்டு கொட்டையை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். மழை பெய்தால் அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கணும். எங்கள் வீட்டில் அம்மா அதைக் கழுவி, மேல்தோல் உரித்து, துண்டு போட்டுக் காயவைத்து, வறுத்து அரைத்து வைப்பாள். அடை சுடுவாள், குழம்பில் கரைத்து விடுவாள். இதை ஏன் விற்கக் கூடாது என்று யோசித்தது நான்தான். நானும் நாமக்கல்லில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த என் தோழியும் சேர்ந்து, மாவைக் காற்றுப் புகாத பாக்கெட்டில் அடைத்து, வண்டு விழுகிறதா, சிக்கு வாடை வருகிறதா என்று மாதக்கணக்கில் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். தேர்வானால் ஆய்வகத்துக்கு அனுப்பி, எத்தனை நாள் தாங்கும் என்று முறையாகச் சோதித்து லேபிளில் போடலாம் என்று திட்டம். கல்லூரி முடித்ததும் இதையே தொழிலாக வைத்துக்கொள்ளணும், திருப்பூருக்கு வேலைக்குப் போகக் கூடாது என்பது என் மனசுக்குள் இருந்த கணக்கு. அந்த ஐந்து நிமிடத்தில் என் அடுத்த பத்து வருடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மன்றத்தின் பொறுப்பாசிரியர் சேலத்துக்காரர். தினமும் அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, தலைசுற்றலோடு வகுப்பெடுப்பார். நல்ல மனுஷன்தான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், எனக்கும் ஆறியிருக்கும். பேச்சை எப்படிப் பிரிப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் பிரச்சினை, அப்புறம் அதற்குத் தீர்வு, யார் வாங்குவார்கள், என்ன செலவு, என்ன விலை, கடைசியில் நமக்கு என்ன வேண்டும். நாலாவது நிமிடத்தில் ஒரு மணி அடிக்கும், ஐந்தில் இன்னொன்று. இரண்டாவது மணிக்கு மேல் பேசினால் மதிப்பெண் போகும். கடைசி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மொத்தப் பேச்சும் வீண் என்று பலமுறை சொன்னார்.

என் முதல் ஸ்லைடில் ரோட்டோரம் அழுகிக் கிடக்கிற கொட்டைக் குவியல் இருந்தது. ஒத்திகையில் அதைப் பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பிரச்சினை இன்னும் மனசைத் தொடணும்மா. குப்பையைப் பார்த்து யாரும் கண் கலங்க மாட்டாங்க."

"கண் கலங்கறதுக்கு என்னங்க சார் இருக்குது இதுல? வீணாப் போற பொருளு. அதை மாவாக்கறோம். அம்புட்டுத்தானுங்க," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன், மடச்சி.

நடுவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்பதால் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். விடிவதற்கு முன்னே எழுந்து அடை சுட்டு, சம்புடத்தில் துணி சுற்றி வைத்து, எங்கள் ஊர்ப்பக்கமான அரியூர் நாட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கிற பட்டுச்சீலை. தலையில் பூ. கல்லூரிக்குள் அவள் வருவது அதுதான் முதல் தடவை. கடைசி வரிசைக்கு முன் வரிசையில், சம்புடத்தை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நடுவர்கள் நான்கு பேர். முதல்வர், எங்கள் துறைத் தலைவர், ஒரு பேங்க் மேனேஜர், கீழே நாமக்கல்லில் மசாலாக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர். என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். வணக்கம் சொன்னேன். "பலாப்பழத்தில் நீங்கள் சாப்பிடாத பாகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நன்றாகத்தான் போனது. தோழியிடம் தலையசைத்தேன். அவள் ஸ்லைடைத் தட்டினாள்.

திரை முழுக்க என் அம்மா.

தோழி ஒரு சனி ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது எடுத்த போட்டோ. அம்மா மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்து மேடு ஏறிக்கொண்டிருந்தாள். கிழிந்த சீலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், முகமெல்லாம் வேர்வை. அதில் ஒரு குற்றமும் இல்லை, எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஏறுவோம். ஆனால் அம்மாவின் தலைக்கு மேல் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் 'பிரச்சினை' என்று இருந்தது. காலுக்குக் கீழே, 'திறமையோ வருமானமோ இல்லாத ஏழைப் பழங்குடிப் பெண்கள்' என்று அதுவும் ஆங்கிலத்தில்.

திறமை இல்லையாம். அந்த மாவே அவள் செய்தது. அவர்கள் தின்னப்போகிற அடை அவள் மடியில் சூடாக இருக்கிறது.

"அந்தப் போட்டோவை எடுங்க," என்றேன். மைக்கில்தான் சொன்னேன். தோழி பொறுப்பாசிரியரைப் பார்த்தாள். அவர் பேசு பேசு என்று கையைக் காட்டினார். "எடுத்தாத்தான் பேசுவேன். யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. திரையை இருட்டாக்குவதற்குள் என் நேரத்தில் பாதி போய்விட்டது.

அதற்கப்புறம் ஸ்லைடு இல்லாமல் பேசினேன். கொட்டையை எப்படிக் காயவைக்கிறோம், சீசன் முடிந்த பிறகு மாவுக்கு எங்கே போவோம், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் எப்படி வாங்குவார்கள் என்று வேகமாகச் சொன்னேன். செலவுக்கு வந்தபோது முதல் மணி அடித்தது. விலைக்கு வந்தபோது இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. எங்களுக்கு என்ன வேண்டும் என்கிற கடைசி விஷயத்தைச் சொல்லவே இல்லை.

சரி, கேள்வி நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன். அதற்குள் தட்டில் வந்திருந்த அடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே பேங்க் மேனேஜர் கேட்டார்.

"மாவு நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பெத்த அம்மாவைத் திரையில காட்ட உனக்கு ஏன் வெட்கம்? நானும் மாடு மேய்ச்சவன் மகன்தான். எங்கேயும் மறைச்சதில்ல."

கூட்டம் கைதட்டியது. எனக்கு இல்லை, அவருக்கு.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. வெட்கம் இல்லீங்க சார், அவுங்க தலைக்கு மேல என்ன எழுதியிருந்ததுன்னு நீங்களே தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. இந்த ஒரு வரி போதும், நாலு பேரும் தலைகுனிந்திருப்பார்கள். என் குழுவுக்கே கிடைத்திருந்தாலும் கிடைத்திருக்கும். ஆனால் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நான் வாயைத் திறந்தால், பட்டுச்சீலை கட்டிக்கொண்டு வந்திருக்கும் இடத்தில், தன்னைப் பிரச்சினை என்று எழுதியிருக்கிறார்கள் என்று அத்தனை பேருக்கு நடுவில் அவள் கேட்க வேண்டியிருக்கும்.

வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் கோபத்தை விழுங்கியது அந்த ஒரு தடவைதான்.

துறைத் தலைவர் உணர்ச்சிவசப்படக் கூடாதும்மா என்றார். மசாலாக் கம்பெனிக்காரர் ஏதோ கேட்க வந்தார், நேரம் முடிந்துவிட்டது. மூலிகை சோப்புக் குழு தேர்வானது. கடையில் சோப்புக்கட்டி வாங்கி உருக்கி, நாலு துளசி இலையைப் போட்டு அச்சில் ஊற்றிய சோப்பு. இருந்துவிட்டுப் போகட்டும். தோழியிடம் போய்க் கேட்டேன். "முன்னாடியே சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு சார் சொன்னாரு," என்றாள். அன்றோடு அவளோடு பேச்சை விட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா காலிச் சம்புடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மாம் பெருசா எம் படத்தைப் போட்டாங்களே கண்ணு. எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு."

நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"நல்ல சீலையில எடுத்திருந்தா இருக்கட்டும்னு உட்டிருப்பே. அந்தப் புள்ளை கிழிஞ்சதுல எடுத்துருச்சு. பரவாயில்ல சாமி, நான் ஒண்ணும் நெனச்சுக்கல."

"அதில்லம்மா," என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? பின்னே எதுவென்று சொன்னால் அவள் உடம்பு சிலிர்த்தது பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் நான் பெற்றவளைப் பார்த்துக் கூசுகிறவள். "அதில்லம்மா" என்று இன்னொரு தடவை சொன்னேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். மன்னித்துவிட்டாளாம்.

நான் திருப்பூருக்குத்தான் போனேன். அடுத்த வருடம் பொறுப்பாசிரியர் ஜூனியர் பிள்ளைகளை வைத்து அதே பலாக்கொட்டை மாவைப் போட்டியில் வைத்தார், தேர்வானது, ஆடி விழாவில் ஸ்டால் போட்டு விற்றார்கள். அவரே எங்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறார், அவளும் சந்தோஷமாகச் சரியென்றிருக்கிறாள். பாக்கெட்டின் முன்பக்கம் அதே போட்டோ, மூட்டையும் கிழிந்த சீலையுமாக. தலைப்பு மட்டும் இல்லை.

இதெல்லாம் அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தபோது அரிசி எடுக்கப் போய், டிரம்முக்குப் பின்னால் ஒரு பாக்கெட்டைப் பார்த்தேன். பிரிக்காமல், பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தது. யார் வந்தாலும் அம்மா அதை எடுத்துக் காட்டுவாளாம். சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் அது எப்போதும் இருக்குமாம்.

"நீ பாத்தா சங்கடப்படுவேன்னு எடுத்து வெச்சேன் கண்ணு," என்றாள்.

நான் அதைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். போட்டோவில் நல்லாத்தான் இருக்கிறாய் என்றேன். அவள் சிரித்தாள். சித்திரையில் வந்தபோது சாமி படத்துக்குப் பக்கத்தில் அது இல்லை. டிரம்முக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இருந்தது.