இரண்டு மணி நேர இடைவெளி

இருபது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கும் அவளுக்கு எல்லாருமே வைத்த பெயர் அக்கா. அலர்ஜி மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் டானிக்கோ யார் வாங்கினாலும், "இதுவே தூக்கம் வரவைக்கும். தண்ணியடிச்சுட்டு இதைத் தொட்டா மூச்சே அடங்கிடும்" என்று கறாராகச் சொல்லித்தான் கொடுப்பாள்.

பெயின்ட் அடிக்கும் சொந்தத் தம்பியிடம்தான் அவள் பேச்சு எடுபடவில்லை. ஓயாத தும்மலுக்கும் இருமலுக்கும் அவன் இரண்டையும் சாப்பிட்டான். பொழுது சாய்ந்தால் பிராந்தி பாட்டிலும் வேண்டும். சொல்லிச் சொல்லி வாய் வலித்த ஒரு நாள், "எப்படியோ போ. ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடு" என்று சொல்லித் தொலைத்தாள். அது போதவே போதாது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

பிறந்ததிலிருந்து அக்கா பேச்சைக் கேட்காதவன் இதை மட்டும் கேட்டான். ஆறு மணிக்கு மருந்து, எட்டு மணிக்குப் பாட்டில். அவன் குறட்டை நின்றதும், அசந்து தூங்குகிறான் என்று மனைவி விளக்கை அணைத்தாள். விடிந்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அக்கா மறுபடி கடைக்கு வந்த அன்று, தம்பியோடு வேலை பார்த்தவன் அதே டானிக்குக்குச் சீட்டை நீட்டினான். அவள் வாயெடுக்கும் முன் அவனே சொன்னான்:

"தெரியும்க்கா, ரெண்டு மணி நேரம் விடணும். உங்க தம்பி எங்க எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கான்."