கண்ணாடியில் ஒட்டிய படம்

ஓடு மாற்றச் சொல்லி எத்தனை முறை கேட்டும் வீட்டுச் சொந்தக்காரர் காதில் விழவில்லை. இரவெல்லாம் மழையில் ஒழுகிய தண்ணீரை இறைத்தே களைத்துப்போன அன்னமேரி, விடிந்ததும்தான் சுவரைப் பார்த்தாள். இறந்த மகளின் ஒரே படம் நனைந்து, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது.

“வெயில்ல வையிக்கா, காஞ்சா தானா உரியும்,” என்றாள் பக்கத்து வீட்டு மாரம்மா.

“காஞ்சா மூஞ்சிதான் உரியும். கிருஷ்ணகிரி போட்டோ ஸ்டூடியோவுல கூட்டிப் பெருக்கினப்பப் பாத்திருக்கேன், படத்தத் தண்ணியிலதான் அலசுவாங்க.”

“நனஞ்சத இன்னும் நனைக்கிறியா? உங்க மாதாவ வேண்டிக்கோ.”

“மாதா வந்து ஓடு மாத்துவாங்களா?”

தெளிந்த குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடியோடு அமிழ்த்தினாள். பிடித்து இழுக்காமல் காத்திருந்தாள். ஓரம் மெல்ல நழுவியது. பிறகு முழுப் படமும் வந்தது. முகத்தில் விரல் படாமல், துணிமேல் மல்லாக்க வைத்தாள்.

வீட்டில் நனையாத ஒரே மூலை படத்துக்குப் போய்விட்டது. அவள் ஈரத் தரையிலேயே படுத்துக்கொண்டாள்.