மூன்று ஓட்டைகள்

பழைய கணினிகளை வாங்கிப் பிரிக்கும் கிடங்கில் அவளை எல்லோரும் ஓட்டைக்காரி என்றே கூப்பிடுவார்கள். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுவாள், பிரிண்டர் மைக் குப்பிகளைப் பையில் கட்டுவாள், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, உள்ளே இருப்பதை யாரும் எடுக்க முடியாதபடி மூன்று ஓட்டை போடுவாள். பதினெட்டு வருடத்தில் யாருடைய ரகசியமும் அவள் மேசையைத் தாண்டியதில்லை.

காலையில் ஒருவன் லேப்டாப் கொண்டுவந்தான்.

"வேண்டியதையெல்லாம் காப்பி பண்ணிட்டியா தம்பி?"

"செத்தவளோடதையா? எல்லாம் குப்பை. சீக்கிரம் முடிங்க."

மத்தியானம் அவன் மாமனார் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என் பொண்ணு பாடினதெல்லாம் அதுலதாம்மா இருக்கு. மருமகன் சொல்லாமலே தூக்கிட்டு வந்துட்டான்."

அவள் டிஸ்கை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஓட்டைகளைத் தடவினார்.

"இதை அடைச்சா பாடுமாம்மா?"

"பாடாதுங்கய்யா. நான் போட்டா போட்டதுதான்."