பம்பு விளம்பரத்தின் மூன்று வெட்டுகள்

அச்சுவேலியில் தண்ணீர்ப் பம்பு விற்கும் ஒரு முதலாளிக்கு விளம்பர வீடியோ செய்தபோதுதான் எனக்கும் அண்ணைக்கும் முதல் பெரிய சண்டை வந்தது. அண்ணை கூடப்பிறந்தவர் அல்ல. யாழ்ப்பாண நகரத்தில் எங்கள் சின்ன விளம்பர அலுவலகத்தைத் தொடங்கியவர், கமராக்காரர். அவர் எடுப்பதை வெட்டி இணையத்தில் ஏற்றி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்பவள் நான். அலுவலகம் என்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

வீடியோ அரை நிமிடம்கூட இல்லை. வெங்காயத் தோட்டத்தின் இடது ஓரத்தில் ஒரு கமக்காரர் பம்பின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்வார். வலது ஓரத்தில் குழாயால் தண்ணீர் பாயும். பின்னால் கடைப் பெயர்ப்பலகை. முதலாளி கடையில் மாட்டியிருந்த பலகையையே கழற்றி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து தோட்டத்தில் நட்டுவிட்டார்!

அகலமாகப் போட்டால்தான் பலகை முழுக்கத் தெரியும் என்பது அவருடைய கட்சி. அண்ணையும் அதே கட்சி.

"எல்லாரும் போனை நேராப் பிடிச்சுத்தான் பாக்கினம், அண்ணை. அகலமாப் போட்டால் நடுவிலை ஒரு சின்னக் கீலம்தான் தெரியும். நெட்டிலை, உயரவாக்கிலை போட்டால் திரை முழுக்க நிரம்பும்."

"விசர்க்கதை கதையாதை. நெட்டிலை வெட்டினால் என்ரை ஷொட் செத்துப்போம்."

முதலாளி இருவரையும் பார்த்தார். "மூண்டு விதமாயும் போட்டுப் பாருங்கோ. வெல்லுறதை வைச்சு வருசம் முழுக்க விளம்பரம் தாறன். சரிவராட்டி வேறை ஆக்களைப் பாப்பன்."

அகலம், நெட்டு, சமாதானத்துக்கு ஒரு சதுரம். ஒரே வீடியோவை மூன்றாக வெட்டிக் கடையின் பக்கத்தில் ஏற்றினேன். எத்தனை பேருக்குத் திரையில் வந்தது, அவர்களில் எத்தனை பேர் மூன்று விநாடியாவது நின்று பார்த்தார்கள்? அந்த விகிதம்தான் கணக்கு. ஒரு கிழமையில் நெட்டு மற்ற இரண்டையும் எங்கேயோ விட்டுவிட்டு ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணைக்கு முன்னால் சுழல் கதிரையில் இரண்டு தரம் சுற்றினேன்.

முதலாளியிடம் போகிற அன்று காலை, பார்த்தவர்கள் எந்த நாடு என்ற பட்டியலைத் திறந்தேன். முதலிடம் கனடா. அடுத்தது இங்கிலாந்து. ஐயோ கடவுளே! ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு, "இது நான் செய்தது" என்று நெட்டின் லிங்கை நானே அனுப்பியிருந்தேன். அவ அதைக் குடும்பக் குழுவில் போட்டு, ஒருவர் விடாமல் கடைசிவரை பார்க்கச் சொல்லியிருக்கிறா. பாசத்தில் பார்த்திருக்கிறார்கள், பாவங்கள். பனிக்குள் இருக்கிறவர்களுக்கு வெங்காயத்துக்கு இறைக்கிற பம்பு எதற்கு?

"முதலாளிக்கு இது விளங்காது," என்றார் அண்ணை மெதுவாக. "ஒப்பந்தத்தை வாங்கிப்போட்டு, பிறகு ஆறுதலாத் திருத்துவம்." எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது, பொய் சொல்லமாட்டேன்.

கடையில், நெட்டு வென்ற கதையை ஏற்கெனவே போனில் கேட்டிருந்த முதலாளி தேத்தண்ணி தந்து, ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார். என் வாய் தானாகவே திறந்தது.

"உந்தக் கணக்குப் பிழை, ஐயா. என்ரை சொந்தக்காரர்தான் பாத்திருக்கினம். பிழை என்ரை. இன்னொரு கிழமை தாங்கோ."

"ஒரு கிழமைதான்," என்று அவர் ஒப்பந்தத்தை மேசை லாச்சிக்குள் வைத்தார். கடையை விட்டு இறங்கியதும் அண்ணை என்னை விட்டுவிட்டு வேகமாக முன்னால் நடந்தார்.

இந்தத் தரம் மூன்றையும் கட்டண விளம்பரமாக விட்டேன். மூன்றுக்கும் ஒரே தொகை, ஒரே நாட்கள். யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் மட்டும். ஒருவருக்கு ஒரு வெட்டுத்தான் போகும்படி ஆட்களை மூன்றாகப் பிரித்தேன். லிங்கை ஒரு குருவிக்கும் அனுப்பவில்லை.

வென்றது சதுரம். நெட்டு இரண்டாவது, அகலம் கடைசி. ஏன் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். நெட்டில் கமக்காரர் கயிற்றை இழுப்பது தெரிகிறது, தண்ணீர் வெளியே போய்விட்டது. அகலத்தில் எல்லாம் இருக்கிறது, ஆனால் போனில் எறும்பளவு. சதுரத்தில் இழுவையும் தண்ணீரும் போதிய அளவு பெரிதாக ஒன்றாய் நிற்கின்றன. நான் சமாதானத்துக்குப் போட்டது என்னையே வென்றுவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

அதையும் அப்படியே முதலாளியிடம் சொன்னேன்.

"அப்ப நீர் சொன்னதும் தோத்துப்போச்சு?"

"ஓம், ஐயா."

"சதுரத்திலை என்ரை பலகை?"

"பாதிதான் தெரியும்."

அவர் திரும்பவும் கடையில் மாட்டியிருந்த பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து, அண்ணை கையெழுத்து வைக்கும்வரை பொறுத்திருந்தார். தாளை மடிக்கவில்லை. என் பக்கம் தள்ளினார்.

"பிள்ளையும் வைக்கட்டும். கணக்குச் சொல்லுறது அவதானே."

எத்தனையோ ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். ஒன்றிலும் என் பெயர் இருந்ததில்லை. அண்ணை தன் பேனையை என்னிடம் நீட்டினார். சந்தோசத்தில் அவசரமாக வைத்ததால் கையெழுத்துக் கோணலாக விழுந்தது.