என் கண்ணைக் காட்டி வாங்கிய அவகாசம்

திங்கட்கிழமை காலை மகனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "மா, ப்ரொஃபசருக்கு ஈமெயில். செக் பண்ணிக் குடுங்க லா. அர்ஜண்ட்." சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களா, ஒன்றும் கிடையாது. கப்பல் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் அடுத்தவர் கடிதங்களைத் திருத்தி ஓய்வு பெற்றவள் நான். அவனுக்கு அம்மா ஞாபகம் வருவது இந்த ஒரு வேலைக்குத்தான்.

அவன் அப்பா போன பிறகு சிங்கப்பூர் தோ பாயோ வீட்டில் நான் மட்டும். அவன் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறான். ரயிலில் ஒரு மணி நேரம்தான், ஆனால் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இடது கண்ணில் புரை. போனில் எழுத்தைப் பெரிதாக்கி, வலது கண்ணால் படித்தேன். வெள்ளிக்கிழமை புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டுமாம், முடியவில்லையாம். முதல் இரண்டு பத்தி முழுக்க மன்னிப்பு. மூன்றாவது பத்தியில் நான் இருந்தேன். "வியாழக்கிழமை என் அம்மாவுக்கு இடது கண்ணில் ஆபரேஷன், அவர் தனியாக வசிக்கிறார், நான்தான் கூடப் போய், பிறகு தினம் நான்கு வேளை சொட்டு மருந்து விட வேண்டும்."

அடேயப்பா! இதையெல்லாம் நான் எழுதி அனுப்பியபோது வெறும் கட்டைவிரல் படம் போட்டவன். எந்தக் கண், எந்தக் கிழமை, எத்தனை வேளை, எல்லாம் மனதில் வைத்திருக்கிறானே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வருகிறேன் என்று என்னிடம் அவன் சொல்லவே இல்லை என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

உடனே கூப்பிட்டேன். "டேய், வியாழக்கிழமை நீ வர்றியா?"

"ரீசன் ஏதாவது எழுதணும்லமா. சும்மா கேட்டா குடுக்க மாட்டாரு."

"என் கண்ணுதான் உனக்குக் கிடைச்சுதா? நிஜமா என்ன ஆச்சு?"

"ரிப்போர்ட்டுக்கு இன்டர்வியூ குடுக்குறேன்னவங்க லேட் பண்ணிட்டாங்க. கடைசி ரெண்டு சாப்டர் இன்னும் எழுதல."

"அதை எழுது. என்னை எடுத்துடு."

"வரேன்மா. ப்ராமிஸ். வந்துட்டா அது பொய் இல்லல?"

அங்கேதான் நான் விழுந்தேன். வருகிறான் என்றால் அந்த வரி இருக்கட்டும்.

உட்கார்ந்து முழு மூச்சாகத் திருத்தினேன். மன்னிப்பை ஒரே வரியாகச் சுருக்கினேன். எத்தனை நாள் வேண்டும் என்பதையே எழுதாமல் விட்டிருந்தான், புத்திசாலி! அடுத்த செவ்வாய் மாலை வரை என்று முதல் பத்தியிலேயே கேட்டேன். பேட்டிகள் தாமதமானதைச் சேர்த்தேன். முடித்த மூன்று அத்தியாயங்களைக் கூடவே இணைத்து அனுப்பச் சொன்னேன். என்னைப் பற்றிய வரியில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. அதைத்தான் நாலைந்து முறை படித்தேன்.

மாலையே ப்ரொஃபசரின் பதிலை அனுப்பியிருந்தான். செவ்வாய் வரை அவகாசம். அம்மாவைக் கவனித்துக்கொள் என்றும் எழுதியிருந்தார். நான் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் அவனுக்குப் பிடித்த ஆட்டுக்கறி வாங்கி வந்தேன்.

புதன்கிழமை மதியம் அவனிடமிருந்து செய்தி. "மா, சாரி. நான் வந்தா ரிப்போர்ட் முடியாது போல. நாளைக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி உங்க கூட வருவாங்களா?"

அப்படியானால் ப்ரொஃபசருக்கு இன்னொரு ஈமெயில் எழுது என்று அடித்தேன். அழித்தேன். ஒரு கட்டைவிரல் போட்டேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வந்தார். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் காத்திருந்தார். டாக்சியில் கூட்டி வந்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போனார். சொட்டு மருந்தை நானே விட்டுக்கொண்டேன். பாதி கன்னத்தில் வழிந்தது. கறியை நான்கு நாள் சுட வைத்துச் சாப்பிட்டேன்.

செவ்வாய் மாலை, "சப்மிட் பண்ணிட்டேன் மா!" என்று வந்தது. கூடவே பேராசிரியரின் பதிலையும் அனுப்பியிருந்தான். ரிப்போர்ட் கிடைத்தது, உன் அம்மாவின் கண் இப்போது எப்படி இருக்கிறது?

அதற்குக் கீழே அவன் எழுதியிருந்தான்: "இதுக்கு என்ன ரிப்ளை பண்றது? நீங்களே எழுதிக் குடுங்களேன்."

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. பெற்ற பிள்ளை கேட்காததை முகம் தெரியாத மனிதர் கேட்கிறார். அவருக்காகவாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று, சொட்டு மருந்து ஒரு வேளை தவறிவிட்டது, ராத்திரியில் உறுத்துகிறது, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று எழுதினேன். எல்லாவற்றையும் அழித்தேன். "அம்மா நன்றாகத் தேறி வருகிறார். விசாரித்ததற்கு மிக்க நன்றி" என்று எழுதி, பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து மகனுக்கு அனுப்பினேன்.

கட்டைவிரல் வந்தது. அப்படியே அவருக்கு அனுப்பிவிட்டான். படித்துப் பார்த்தானா என்று தெரியவில்லை.