ஆறு டயரும் மூன்று நிமிடமும்

எங்கள் கம்பெனியில் யார் ரிட்டயர் ஆனாலும் விழா கேன்டீனில்தான். முதல் ஷிப்ட் முடிந்து பஸ்கள் கிளம்புவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். பஸ் பிந்தினால் திருவள்ளூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு மாறிப் போக வண்டி கிடைக்காது. அதனால் பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். அது முடிந்ததும் ஹெச்.ஆர். அதிகாரி ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் அடிப்பார். அடித்த கையோடு மைக்கையும் வாங்கிக்கொள்வார்.

போன விழாவில் ஸ்டோர்ஸில் இருந்தவரைப் பாராட்டி அக்கவுண்ட்ஸ் சார் பேசினார். ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டு, கடைசியில் நயமாக ஒரு திருப்பம் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறார். "இவரிடம் ஒரே ஒரு குறை..." என்று இழுத்தார். டங்! அந்தக் குறை என்னவென்று ஸ்டோர்ஸ்காரரின் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாராம்.

இந்த முறை ரிட்டயர் ஆனவர் எங்கள் பஸ் டிரைவர். குவாலிட்டி பிரிவின் சார்பில் நான்தான் பேச வேண்டும் என்றார்கள். எனக்குச் சந்தோஷம்தான். அவருக்கு நான் சொல்லாமல் வைத்திருந்த நன்றி ஒன்று இருந்தது. இன்று விட்டால் இனி எங்கே போய்ச் சொல்வது? அதே சமயம் அந்தத் தட்டையும் கரண்டியையும் மறக்க முடியவில்லை.

முதலில் எழுதியது நான்கு பக்கம் வந்தது. போனில் நேரம் வைத்து வீட்டுக்காரர் முன்னால் படித்தேன். மேடையில் இருக்கும் மேலாளர் அவர்களே, துணை மேலாளர் அவர்களே, யூனியன் தலைவர் அவர்களே என்று நான் முடிப்பதற்குள்ளேயே அவர் கொட்டாவி விட்டார்.

"இன்னா இது, கல்யாணப் பத்திரிகையா? நீ படிச்சிக்கினே இரு, நான் நாஷ்டா துன்னுட்டு வரேன்."

மொத்தம் பதினொரு நிமிடம் ஓடியது. சரி, வேகமாகப் படித்துப் பார்ப்போம் என்று மூச்சு விடாமல் படித்தேன். எங்கள் ஊர் கவரைப்பேட்டை ஸ்டேஷன் அறிவிப்பு போல இருந்தது. அன்பு என்ற சொல்லைக்கூட ஏதோ ரயில் தாமதமாக வருவதுபோல் சொன்னேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, ஒவ்வொரு சம்பவத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டினேன். வெள்ளத்தில் பஸ்ஸைக் கொண்டுவந்த கதை, பஸ்ஸில் ஆயுத பூஜைக்குப் பொரி கொடுத்த கதை, இன்னும் மூன்று. வெட்ட வெட்ட ஐந்துமே வெறும் தலைப்புகளாகிவிட்டன. கேட்கிறவர்களுக்கு எதுவும் புரியாது, எனக்கு மட்டும் அழுகை வரும்.

எரிச்சலில் பேப்பரை வீட்டுக்காரரிடமே வீசினேன். அவர் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, வணக்கத்துக்கு அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"எளிமையானவர், நேர்மையானவர், பண்பானவர். இத எங்க வாட்ச்மேனுக்கும் சொல்லலாம் இல்ல?"

"சொல்லலாம்."

"அப்ப அடி."

இப்படியே போனது. இன்னொருவருக்கும் பொருந்துகிற வரியெல்லாம் போயிற்று. நான் ராத்திரி முழுக்க யோசித்து எழுதிய எட்டு வரிக் கவிதை எந்த டிரைவருக்கும் பொருந்தும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அவருக்குச் சட்னி வைக்காமல் தோசையைப் போட்டேன். ஆனாலும் கவிதையை அடித்துவிட்டேன். கடைசியில் யாருக்கும் பொருந்தாமல் இவருக்கு மட்டுமே பொருந்துகிற கதை ஒன்றுதான் மிஞ்சியது. அதை மட்டும் ஒரு வரிகூட வெட்டாமல் முழுதாக வைத்தேன். முன்னால் ஒரு வணக்கம், வெள்ளக் கதை சுருக்கமாக, அதன் பிறகு இது. சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் இடம் விட்டுப் படித்தேன். மூன்று நிமிடத்துக்குள் அடங்கியது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

விழாவில் என் பெயரைக் கூப்பிட்டதும் மேடை ஏறினேன். அப்போதுதான் என் மடத்தனம் உறைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் சால்வை போடாமல் யாரும் பேச மாட்டார்கள். பிரிவின் சார்பில் வாங்கிய சால்வை என் கையிலேயே இருந்தது. அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்றுதான் தோன்றவில்லை. சால்வையை உறையிலிருந்து உருவவே பாடாய்ப் பட்டேன். போட்டோக்காரர் வேறு விடவில்லை.

"மேடம், இங்க பாருங்க. அண்ணே, கொஞ்சம் சிரிங்க. இன்னொன்னு!"

ஹெச்.ஆர். அதிகாரியைப் பார்த்தேன். பெயர் கூப்பிட்டதுமே கடிகாரத்தைத் தட்டிவிட்டிருந்தார். இரண்டு நிமிடம் சால்வையிலேயே போய்விட்டது. கரண்டி அவர் கையில் தயாராக இருந்தது.

கையிலிருந்த பேப்பரை மடித்தேன். வணக்கம் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். நேராக அந்தக் கதைக்கே வந்தேன்.

"எங்க பஸ் எந்த ஸ்டாப்லயும் ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது, அது ரூல். ஆனா ரிப்பேர்னா நிக்கலாம். என் குழந்தை கைக்குழந்தையா இருந்தப்போ தினமும் லேட்டா ஓடி வருவேன். வந்து பாத்தா டிரைவரண்ணா கீழ நிப்பாரு. கையில ஒரு ராடு. டயரை ஒண்ணொண்ணா தட்டிப் பாத்துக்கினு இருப்பாரு. நான் ஏறினதும் டயர் சரியாயிடும். என் நல்ல காலம், வண்டி மக்கர் பண்ணுதுன்னு நினைச்சேன். பொண்ணு ஸ்கூல் சேர்ந்து, நான் நேரத்துக்கு வர ஆரம்பிச்ச பிறகுதான் பஸ்ல ஒரு அக்கா சொன்னாங்க. இப்போலாம் கவரைப்பேட்டையில டயர் கெடறதே இல்லையேன்னு."

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக நான் நிறுத்தினேன். கரண்டி மேலே போவது தெரிந்தது.

"அண்ணா, அந்த டயருக்கெல்லாம் சேத்து இப்போ சொல்றேன். ரொம்ப நன்றி."

டங்.

தட்டுச் சத்தம் கைதட்டலில் காணாமல் போனது. டிரைவரண்ணா சால்வையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி முன்வரிசையிலிருந்து, "ஊட்டுல ஒரு நாள் எனக்காக நின்னது கெடையாது, இங்க இன்னாடான்னா டயர் தட்டிக்கினு இருந்துருக்காரு" என்று சத்தமாகச் சொன்னார். கேன்டீன் மறுபடியும் சிரித்தது.

அன்று வீடு திரும்பும் டிரிப்பையும் அவர்தான் ஓட்டினார். வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. சால்வையோடு உட்கார்ந்திருந்தவரிடம், அத்தனை நாள் நின்றதற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லையே என்று கேட்டேன்.

"இன்னாம்மா நீ? நான் நெசமாவே டயரத்தான் பாத்தேன்" என்றார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கவரைப்பேட்டை முனையில் நான் இறங்கினேன். பின்னாலேயே அவரும் இறங்கினார். சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த ராடு கையில் இருந்தது. சால்வையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு முன் டயரைத் தட்டினார். அப்புறம் அடுத்தது. ஆறையும் தட்டி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன். பஸ்ஸில் இருந்த யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.