பத்துச் சீட்டும் தேவாரத்து டீச்சரின் கட்டும்

எழுபதுகளின் கடைசியில் ஒரு செப்டம்பர் மாதம். கம்பம் பள்ளத்தாக்கின் பத்துப் பள்ளிகள் சேர்ந்து பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வைப் பொதுவாக நடத்தின. கணக்குத் தாள்களைத் திருத்தப் பள்ளிக்கு ஒருவராகப் பத்து ஆசிரியர்கள் ஒரே அறையில் கூடினோம். கணவாய்க் காற்று இன்னும் ஓயவில்லை. தாள்களின் மேல் கல் வைத்துத்தான் திருத்த முடிந்தது. கல்லை எடுக்கும் நேரத்தில் கையால் அழுத்திக்கொள்ள வேண்டும்.

எந்தக் கட்டு யாருக்கு என்பதை முகாம் பொறுப்பாளரான தலைமையாசிரியர் தம் வழக்கப்படி சீட்டுப் போட்டுத் தீர்மானித்தார். அவர் சீட்டாடுவதில் பிரியம் உள்ளவர். சிவப்பு இதயம் போட்ட ஆர்ட்டின் வகையில், ஒன்றைக் குறிக்கும் ஆசு முதல் பத்து வரை பத்துச் சீட்டுகளை எடுத்தார். எந்தச் சீட்டு எந்தப் பள்ளிக்கு என்பது அவருக்கு மட்டும் தெரியும். நன்றாகக் கலைத்து ஆளுக்கு ஒன்று போட்டார். வந்த சீட்டுக்குரிய கட்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தம் பிள்ளைகளுக்கு யாரும் மதிப்பெண் கூட்டிப் போடக் கூடாதென்று கட்டுகளில் பள்ளிப் பெயர் இருக்காது. சொந்தக் கட்டே சொந்தக் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று விதி எதுவும் இல்லை. நன்றாகக் கலைத்தால் அப்படி வராது என்று எல்லோரும் நம்பினோம். நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

முதல் மணி நேரம் முடிவதற்குள் தேவாரத்திலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியை எழுந்து நின்றார். பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகவில்லை. அவரது வேலையை நிரந்தரமாக்கும் ஆணை அந்த மாதம் வர வேண்டியிருந்தது.

"சார், இது எங்க பிள்ளைக கட்டு. நாலாவது தாள்ல கையெழுத்து தெரிஞ்சுச்சு."

கம்பத்திலிருந்து வந்த மூத்த ஆசிரியர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். வாய்த்துடுக்கானவர்.

"அப்ப மூணு தாள்ல தெரியலையாக்கும். என்னாங்க டீச்சர், பத்துப் பேரு இருக்கோம், உங்களுக்குத்தான் உங்க கட்டு வரணுமா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? சார்தான் போட்டாக."

"அதான் நானும் சொல்றேன். சார் போட்டாக, நீங்க எடுத்தீக."

தலைமையாசிரியரின் முகம் கறுத்துவிட்டது. இப்போது குற்றம் அவர் மேலும் விழுந்துவிட்டது. தம் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிவிடுவதே நல்லது என்றார். அப்படி எழுதினால் டீச்சரின் ஆணை நின்றுவிடும். அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் டீச்சர் கல்லை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். பத்துல ஒருத்தருக்காவது சொந்தக் கட்டு வர்றது அதிசயமான்னு முதல்ல பாப்போம்," என்றேன். சொல்லிவிட்டுச் சாக்கட்டியை எடுத்தேன்.

கரும்பலகையில் சிறிதாகத் தொடங்கினேன். இடத்தை ஆசிரியராகவும் சீட்டை அவர் பள்ளிக் கட்டாகவும் வைத்துக்கொண்டால், மூன்று சீட்டுகளை ஆறு விதமாக அடுக்கலாம். அவற்றில் எந்தச் சீட்டும் தன் இடத்தில் இல்லாதவை இரண்டே. நான்கு சீட்டுகள் என்றால் இருபத்து நான்கு விதம். அவற்றில் ஒன்பது. இரண்டிலும் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் வருகிறது. மற்ற வேளைகளில் யாரேனும் ஒருவருக்குத் தன் சீட்டு வந்தே தீரும்.

"பத்துக்கு?" என்றார் கம்பத்துக்காரர். "சீட்டு கூடக்கூட இடம் மாறிப் போயிரும்ல?"

"கூடக்கூட ஒவ்வொரு சீட்டும் தன் இடத்துல உக்கார்ற வாய்ப்பு குறையும், நிசந்தான். ஆனா சீட்டும் கூடுதே. பத்துச் சீட்டு, ஒவ்வொண்ணுக்கும் பத்துல ஒண்ணு. சராசரியா ஒரு சீட்டு உக்காரும். அம்பத்திரண்டு சீட்டுன்னா அம்பத்திரண்டு தடவை அம்பத்திரண்டுல ஒண்ணு. அப்பவும் ஒரு சீட்டுத்தான்."

"சராசரி ஒண்ணுன்னா எப்பவும் ஒண்ணு உக்காரணும்ல?"

"இல்லீங்க. சில தடவை ரெண்டு மூணு சேந்து உக்காரும். அதை ஈடுகட்ட, சில தடவை ஒண்ணுகூட உக்காராது."

ஒரு சீட்டும் உட்காராத பங்கைப் பலகையில் எழுதினேன். ஒன்றிலிருந்து தொடங்கி, தனித்தனிச் சீட்டு உட்காரும் வாய்ப்புகளின் கூட்டுத்தொகையான ஒன்றைக் கழிக்க வேண்டும். இரண்டு சீட்டுகள் சேர்ந்து உட்கார்ந்த வேளைகளை இருமுறை கழித்துவிட்டோம், ஆகையால் அரையைக் கூட்ட வேண்டும். மும்மூன்றாக உட்கார்ந்தவற்றுக்காக ஆறில் ஒன்றைக் கழிக்க வேண்டும். பிறகு இருபத்து நான்கில் ஒன்றைக் கூட்டி, நூற்று இருபதில் ஒன்றைக் கழித்து, இப்படியே போகும். திருத்தங்கள் வேகமாகச் சிறுத்துவிடுவதால் ஆறேழு படிகளிலேயே விடை அசையாமல் நிற்கும். நூற்றுக்கு முப்பத்தேழுக்குச் சற்றுக் குறைவு. பத்துச் சீட்டானாலும் முழுச் சீட்டுக்கட்டானாலும் அதேதான்.

"பலகையில எதையும் எழுதலாம். போட்டுக் காட்டுங்க," என்றார் அவர்.

நான் பயந்தது இதற்குத்தான். ஒரே முறை போட்டு எதையும் காட்ட முடியாது. முப்பது முறை போடுவோம் என்றேன். தலைமையாசிரியர் கலைத்தார், கம்பத்துக்காரர் வெட்டி வைத்தார், நான் வரிசையாகப் போட்டேன். முதல் இடத்தில் ஆசு வந்தால், இரண்டாம் இடத்தில் இரண்டு வந்தால், அது உட்கார்ந்ததாகக் கணக்கு.

முதல் முறை ஒன்றும் உட்காரவில்லை. இரண்டாம் முறையும் இல்லை.

"ம். சொன்னேன்ல," என்று கம்பத்துக்காரர் சிரித்தார். "கணக்கு சார் சீட்டுக்குக் கணக்கு தெரியலபோல."

டீச்சர் என்னைப் பார்த்தார். இரண்டு முறை தொடர்ந்து வெறுமையாக வருவது ஏழில் ஒரு தடவை நடக்கக்கூடியதே என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். மூன்றாம் முறை போடும்போது காற்று நாலு சீட்டைத் தூக்கிக்கொண்டு போனது. பொறுக்கி வந்து மறுபடி கலைத்தோம். அந்த முறை ஏழு, ஏழாம் இடத்தில் வந்தது. அடுத்ததில் ஆசும் ஐந்தும் சேர்ந்து உட்கார்ந்தன. அதன்பின் யாரும் தாள் திருத்தவில்லை. எல்லோரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

முப்பது முடிந்தபோது பன்னிரண்டு முறை எதுவும் உட்காரவில்லை. பதினெட்டு முறை ஒன்றாவது உட்கார்ந்திருந்தது.

கம்பத்துக்காரர் சும்மா விடவில்லை. "சரி, யாருக்காச்சும் வரும். ஏன் இவுகளுக்கு?"

"யாருக்காச்சும் வந்தா அது ஒருத்தருக்குத்தான வரணும்? உங்களுக்கு வந்திருந்தா இந்தக் கேள்வியை உங்ககிட்டக் கேட்டிருப்போம். டீச்சருக்குன்னு முன்கூட்டியே சொல்லியிருந்தா அது பத்துல ஒண்ணு. வந்த பிறகு ஆளைக் காட்டுனா அப்படிக் கணக்குப் போட முடியாது."

அவர் ஆசு சீட்டை விரலால் திருப்பிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் பலகையைப் பார்த்தார். பிறகு, "அலுவலருக்கு நான் எழுதல," என்றார். "எல்லாக் கட்டையும் திரும்ப வைங்க. மறுபடி போடுவோம். யாருக்கும் சொந்தக் கட்டு வராத வரைக்கும் போடுவோம்."

சராசரியாக மூன்று முறைக்குள் முடிந்துவிடும் என்றேன். ஐந்து முறை ஆனது. ஒருமுறை எனக்கு வந்தது. ஒருமுறை சின்னமனூர்க்காரருக்கும் கம்பத்துக்காரருக்கும் ஒன்றாக வந்தது. "சார் போட்டாக, நீங்க எடுத்தீக," என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கம்பத்துக்காரரும் சிரித்துவிட்டார்.

மற்றவர்கள் இடத்துக்குப் போன பிறகு டீச்சர் என் மேசைக்கு வந்தார்.

"நான் எதுவும் செய்யலைன்னு இது காட்டலையே சார்."

"காட்டல. நீங்க எதுவும் செய்யாமலே இது நடக்கும்னுதான் காட்டுது."

அது அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான். ஆனால் அதற்கு மேல் அந்தப் பத்துச் சீட்டால் எதுவும் சொல்ல முடியாது. அவர் இடத்துக்குப் போய்ப் புதுக் கட்டைப் பிரித்தார். முதல் தாள் கையெழுத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். கட்டு முழுவதையும் ஒருமுறை புரட்டி முடித்த பிறகே கல்லைத் தூக்கி வைத்துச் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.